டி-சட்டையில் தமிழ் வாசகம்: மை பரவினாலும் எழுத்து மூடிப்போகாமல் இருக்க

சமூக மன்ற நற்பணிச் செயற்குழுக்கள், பள்ளி, பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள், தொண்டூழியக் குழுக்கள் எனச் சிங்கப்பூரில் பலருக்கும் சட்டை வாசகங்களைத் தயார் செய்து கொடுத்து வருகிறேன். ஏப்ரலில் தமிழ் மொழி விழா நெருங்கும்போது ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே ஸ்கிரீன் பிரிண்டிங் பற்றியவை. வேறு முறை வரும் இடத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கணினித் திரையில் வாசகம் அழகாக இருந்தது. சட்டையில் எழுத்தெல்லாம் கொழுத்து, சுழிகள் அடைபட்டு வந்திருக்கின்றன. அச்சகம் தவறு செய்துவிட்டதா?

பெரும்பாலும் அச்சகத்தின் தவறு அல்ல. இந்த முறையின் இயல்பே அதுதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எழுத்து வடிவம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடம் ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் என்ற பூச்சால் அடைத்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் தகட்டால் அழுத்தி இழுக்கும்போது திறந்த இடத்தின் வழியே மை சட்டையில் இறங்குகிறது. காகிதம் போலச் சட்டை சமதளம் அல்ல, மேடும் பள்ளமுமான பின்னல் அது. வலைக்கும் துணிக்கும் இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளியில் மை ஓரங்களைத் தாண்டிக் கொஞ்சம் பிதுங்குகிறது. பிறகு நூலிழையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு கோடும் இரண்டு பக்கமும் சற்றுப் பெருக்கும். கோடு எவ்வளவு பெருக்கிறதோ அவ்வளவு இடம் எழுத்துக்குள் இருக்கும் வெளியிலிருந்து போய்விடும்.

அந்த வெளியை இந்தப் பக்கம் முழுவதும் ‘உள்வெளி’ என்று சொல்லப்போகிறேன். கோட்டின் தடிமனைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தமிழ் வாசகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உள்வெளிதான்.

எவ்வளவு பரவும்? ஓர் எண் சொல்ல முடியுமா?

வெளிர் நிறப் பருத்திச் சட்டையில், சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் என்ற மையை ஒரு முறை இழுத்தால், ஓரத்துக்கு 0.1 முதல் 0.15 மி.மீ. வரை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அடர்நிறச் சட்டையில் வெள்ளை மை என்றால் ஒரு முறை இழுத்து, சூடுகாட்டி அரைகுறையாகக் காயவைத்து, அதன் மேல் இன்னொரு முறை இழுப்பார்கள். அப்போது ஓரத்துக்கு 0.2 மி.மீ. எனக் கணக்கிடுவது பாதுகாப்பு. நீர் மை துணிக்குள் ஊறுவதால் அதற்கும் 0.2 மி.மீட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறேன்.

இவை தொடக்கக் கணக்குக்கான எண்கள். ரப்பர் தகடு மென்மையாக இருந்தால், ஆள் அழுத்தி இழுத்தால், வலை துணியோடு ஒட்டியபடி இருந்தால் பரவல் கூடும். ஒரே கடையில் இரண்டு பேர் இழுத்த சட்டைகளுக்கு இடையே வித்தியாசம் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஓரத்துக்கு 0.2 மி.மீ. என்றால் ஓர் உள்வெளி இழப்பது 0.4 மி.மீ., ஏனென்றால் அதன் இரு பக்கமும் கோடுகள் இருக்கின்றன.

ஆங்கில வாசகம் அதே அளவில் நன்றாக வந்தது. தமிழுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

ஆங்கிலப் பேரெழுத்துகளில் பல திறந்தவை. மூடிய சில எழுத்துகளிலும் உள்வெளி பெரியது. A எழுத்தின் குழி அடைபட்டாலும் அது A என்றே படிக்கப்படும். தமிழில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளமே சின்னஞ்சிறு சுழியில்தான் பல இடங்களில் இருக்கிறது.

இரட்டைக்கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பிலிருந்து அதை வேறுபடுத்துவது தலையில் இருக்கும் கூடுதல் சுழி மட்டுமே. அந்தச் சுழிக்குள் மை நிரம்பினால் ‘தே’ என்பது ‘தெ’ போலத் தெரியும், ‘கோ’ என்பது ‘கொ’ ஆகும். மேல்விலங்குச்சுழி அடைபட்டால் ‘கீ’ என்பது ‘கி’ போல் ஆகிவிடும். அடிச்சுழி அடைபட்டால் ‘ஓ’ தன் நெடிலை இழக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு நிலைபெற்றதற்கு 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரை நினைவுகூர்கிறோம். அந்த வேறுபாட்டைச் சட்டையில் அரை மில்லிமீட்டர் மை அழித்துவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

மூன்றுசுழி ண, இரண்டுசுழி ன இரண்டிலும் வளைவுகள் நெருங்கி நிற்கின்றன. உள்வெளிகள் மூடினால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு. புள்ளி தனி ஆபத்து. அது எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும், ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகும். சில எழுத்துருக்களில் புள்ளி உள்ளே வெற்றிடம் உள்ள சிறு வளையமாக இருக்கும். அந்த வளையம் அடைபடுவதால் பொருள் மாறாது. ஆனால் சில புள்ளிகள் அடைபட்டும் சில அடைபடாமலும் வந்தால் வாசகம் அழுக்காகத் தெரியும். சிறிய அளவில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் திண்மையான புள்ளி உள்ள எழுத்துருவையே எடுங்கள்.

கோட்டுத் தடிமன் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நான் வைத்திருக்கும் எல்லை 0.5 மி.மீ. நல்ல அச்சகம் 0.35 மி.மீ. கோட்டையும், அதாவது 1 பாயிண்ட் கோட்டையும், எடுத்துவிடும். அதை நம்பி வடிவமைக்க நான் துணிவதில்லை.

காரணம் வலையில் இருக்கிறது. அடர்நிறச் சட்டையில் வெள்ளை மை போன்ற கனமான மைக்குப் பரவலாகப் பயன்படும் வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழைகள் இருக்கும். கடைகளில் அதை 43T என்பார்கள். ஓர் இழையும் அதை அடுத்த துளையும் சேர்ந்து சுமார் 0.23 மி.மீ. ஆகவே 0.3 மி.மீ. கோட்டின் அகலத்தில் ஒரு துளைதான் முழுதாகத் திறந்திருக்கும். ஓரிடத்தில் இழை மறைக்கும், அடுத்த இடத்தில் மறைக்காது. கோடு பல் பல்லாக வரும், சில இடங்களில் அறுபடும். 0.5 மி.மீ. என்றால் இரண்டு துளைகளுக்கு இடமிருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 77 இழைகள் உள்ள நெருக்கமான வலையில் மெல்லிய கோடு இன்னும் நன்றாக வரும், ஆனால் இறங்கும் மையின் கனம் குறைவு. கறுப்புச் சட்டையில் வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

உள்வெளிக்கு என் எல்லை வேறு. ஒற்றை இழுப்பு என்றால் அச்சகத்துக்குக் கொடுக்கும் படத்தில் 0.6 மி.மீ., வெள்ளை இரட்டை இழுப்பு என்றால் 0.8 மி.மீ. பரவிய பிறகும் குறைந்தது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை துணி தெரிய வேண்டும். அதற்குக் கீழே போனால் கையெட்டும் தூரத்தில்கூடக் கண்ணுக்குக் குழி தெளிவாகத் தெரியாது.

கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து மெலிந்துவிடும், தடித்த எழுத்தாகப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னாரே?

இரண்டு வெவ்வேறு வேலைகளை அவர் ஒன்றாக எண்ணிவிட்டார். கறுப்புச் சட்டையில் வெள்ளை மையால் எழுத்தை அச்சிட்டால், மை விழுவது எழுத்தின் மேல். எழுத்து கொழுக்கும், மெலியாது. இரட்டை இழுப்பு என்பதால் மற்ற வேலைகளைவிட அதிகமாகவே கொழுக்கும்.

எழுத்து மெலிவது வேறொரு வேலையில். ஒரு செவ்வகப் பட்டையையோ வட்டத்தையோ மையால் நிரப்பி, எழுத்தை மட்டும் வெறுமையாக விட்டு, சட்டையின் நிறமே எழுத்தாகத் தெரியும்படி செய்யும்போது மை எழுத்துக்குள் பரவும். அங்கே கோடு ஒவ்வொன்றும் 0.3 அல்லது 0.4 மி.மீ. இழக்கும். அதற்குத் தடித்த எழுத்து வேண்டும், மிக மெல்லிய கோடும் படத்தில் 0.9 அல்லது 1 மி.மீ. இருக்க வேண்டும். தமிழ் வாசகத்தைச் சிறிய அளவில் இப்படி வெறுமையாக விட்டு அச்சிடுவதை நான் கூடியவரை தவிர்க்கிறேன். புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும்.

மை எங்கே விழுகிறது என்று பாருங்கள். சட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இடப்பக்க மார்பில் 90 மி.மீ. அகலத்துக்குள் ‘எண்ணமும் எழுத்தும் தமிழே’ என்று வர வேண்டும். கருநீலச் சட்டை, வெள்ளை மை. எந்த அளவில், எந்தத் தடிமனில் எடுப்பது?

இந்த வாசகத்தில் சோதனைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது: அடுத்தடுத்து இரண்டு மூன்றுசுழி எழுத்துகள், நான்கு புள்ளிகள், கடைசியில் ஓர் இரட்டைக்கொம்பு. ஆகவே முழுக் கணக்கையும் காட்டுகிறேன். பரவல் ஓரத்துக்கு 0.2 மி.மீ., ஆகவே ஒவ்வோர் உள்வெளியும் 0.4 மி.மீ. இழக்கும், ஒவ்வொரு கோடும் 0.4 மி.மீ. பெறும்.

குழுவினர் விரும்பியது தடித்த எழுத்து, ஒரே வரி. 90 மி.மீட்டருக்குள் மூன்று சொற்களையும் அடக்கினால் ‘ட’ எழுத்தின் உயரம் 5.2 மி.மீ. ஆனது. அந்த அளவில் அளந்தபோது கோடு 0.8 மி.மீ., ‘ண’ எழுத்தின் மிகக் குறுகிய உள்வெளி 0.5 மி.மீ., இரட்டைக்கொம்பின் சுழிக்குள் 0.4 மி.மீ. இருந்தன. கோட்டைப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. அச்சுக்குப் பிறகு ‘ண’ எழுத்தில் மிஞ்சுவது 0.1 மி.மீ., அதாவது மூடியதற்குச் சமம். சுழியில் ஒன்றும் மிஞ்சாது. ‘தமிழே’ என்பது ‘தமிழெ’ என்றுதான் படிக்கப்படும்.

அடுத்து இரண்டு வரிகளாகப் பிரித்துப் பார்த்தோம், மேலே இரண்டு சொற்கள், கீழே ‘தமிழே’. அதே 90 மி.மீ. அகலத்தில் எழுத்து 1.35 மடங்கு பெரிதாகி, ‘ட’ உயரம் 7 மி.மீ. ஆனது. ‘ண’ உள்வெளி 0.68, சுழி 0.54. பரவலைக் கழித்தால் 0.28, 0.14. சுழி இன்னும் காப்பாற்றப்படவில்லை. அளவைப் பெரிதாக்குவது மட்டும் போதவில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

மூன்றாவதாக, அதே எழுத்துருக் குடும்பத்தின் நடுத்தரத் தடிமனை எடுத்து, அதே இரண்டு வரி, அதே உயரத்தில் வைத்தோம். கோடு 0.74, ‘ண’ உள்வெளி 1.01, சுழி 0.81 மி.மீ. அச்சுக்குப் பிறகு கோடு 1.14, ‘ண’ உள்வெளி 0.61, சுழி 0.41. எல்லாமே தாங்குகிறது.

குழு கேட்ட தடித்த எழுத்தின் கோடு இதே அளவில் படத்தில் 1.08 மி.மீ. நடுத்தர எழுத்து அச்சில் பெருத்து 1.14 மி.மீ. ஆகிறது. அவர்கள் விரும்பிய தடிமன் சட்டையில் தானாகவே வந்து சேர்கிறது. மை பெருக்கப்போகும் பங்கை முன்கூட்டியே மைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நீங்கள் வரைந்தால் போதும்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம் செய்தேன். புள்ளிகளின் விட்டம் 0.8 மி.மீட்டராக இருந்தது, எழுத்தின் தலையிலிருந்து தூரம் 0.6 மி.மீ. புள்ளிகளை 0.2 மி.மீ. மேலே தூக்கி வைத்தேன். தூரம் 0.8 ஆனது, அச்சில் 0.4 மிஞ்சும். புள்ளியைப் பெரிதாக்கவில்லை, மை அதைப் பெரிதாக்கிவிடும். ‘மி’ எழுத்தின் மேல்விலங்கில் மேல் வரியின் ‘ழு’, ‘து’ ஆகியவற்றின் கீழ்நீட்டங்கள் இடிக்காதபடி வரி இடைவெளியையும் பார்த்துக்கொண்டேன்.

இதை அச்சிடுவதற்கு முன் கணினியிலேயே பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, இலவசமாக. Inkscape செயலியில் முதலில் வாசகத்தை அச்சாகப் போகும் உண்மை அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path` கொடுங்கள். எழுத்து இப்போது வெறும் வடிவமாகிவிடும். அதன் ஒரு நகலை எடுத்து, `Fill and Stroke` பலகத்தில் எழுத்தின் அதே நிறத்தில் 0.4 மி.மீ. அகலமுள்ள ஓரக்கோடு போடுங்கள். ஓரக்கோட்டில் பாதி வெளியே, பாதி உள்ளே விழும். ஆகவே 0.4 மி.மீ. ஓரக்கோடு என்பது ஓரத்துக்கு 0.2 மி.மீ. பரவல். அசலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். எந்தச் சுழி மூடுகிறது, எந்தப் புள்ளி ஒட்டுகிறது என்பது உடனே தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். அளவை இறுதி செய்த பிறகே ஓரக்கோடு போட வேண்டும், ஏனென்றால் பின்னால் பெரிதாக்கினால் ஓரக்கோடும் சேர்ந்து பெருத்துக் கணக்கு தவறிவிடலாம். திரையில் பெரிதுபடுத்திப் பார்த்து நிறைவடையவும் வேண்டாம். சாதாரணக் காகிதத்தில் 100 விழுக்காட்டு அளவில் அச்செடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் படியுங்கள். சட்டை வாசகத்தை மற்றவர்கள் பார்க்கும் தூரம் அதற்குக் குறைவாக இருக்காது.

ஓரக்கோடு போட்ட நகல் சோதனைக்கு மட்டும். அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது அசல். ஒரு முறை ஒரு குழு தவறி நகலை அனுப்பிவிட்டது, பரவல் இருமடங்காக வந்தது. அன்றிலிருந்து நகலைச் சிவப்பு நிறத்தில் வைக்கச் சொல்லி வருகிறேன்.

எங்கள் அச்சகத்தில் எவ்வளவு பரவுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் படத்தின் மூலையில் 20 மி.மீ. நீளமுள்ள இரண்டு பட்டைகளைச் சேர்த்துக் கொடுத்து, வீணான ஒரு சட்டையில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். முதல் பட்டை சரியாக 1 மி.மீ. அகலம். இரண்டாவதில் பக்கத்துப் பக்கத்தில் தடித்த கோடுகள், இடையே 0.3, 0.4, 0.5 என்று 1 மி.மீ. வரை ஏறும் இடைவெளிகள். மை முழுதாகச் சூட்டில் வெந்த பிறகு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் மிக அருகில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 1 மி.மீ. பட்டை 1.3 மி.மீ. ஆகியிருந்தால் பரவல் ஓரத்துக்கு 0.15. இரண்டாவது பட்டையில் எந்த இடைவெளி வரை துணி தெரிகிறது என்பதே அந்தக் கடையின் உண்மையான எல்லை.

அச்சாகும் துணியும் மையும் உங்கள் வேலையில் பயன்படப்போகிறவையாகவே இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் கறுப்பு மையால் செய்த சோதனை, கருநீலச் சட்டையின் வெள்ளை மைக்கு எதையும் சொல்லாது.

எழுத்துருவை மாற்றாமல், படத்திலேயே எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக் கொடுத்தால் போதாதா?

போதும், கோடு தடித்ததாக இருந்தால். 1 மி.மீ. கோட்டை ஓரத்துக்கு 0.1 ஒடுக்கினால் 0.8 ஆகும், அச்சில் பெருத்து மீண்டும் வரும். வடிவமைப்பாளர் வரைந்த குறிப்பிட்ட எழுத்தே வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருக்கும்போது நானும் இதைத்தான் செய்கிறேன்.

தடிப்பும் மெலிவும் கலந்த எழுத்துருவில் இதைச் செய்யக்கூடாது. தடித்த பகுதி 1.2 மி.மீ., மெல்லிய வளைவு 0.5 மி.மீ. என்றால், ஒடுக்கிய பிறகு மெல்லிய வளைவு 0.3 ஆகி வலையிலேயே நிற்காது. எமல்ஷனைக் கழுவும்போதே அந்தக் கோடு முழுதாகத் திறக்காமல் போகலாம். ஒளி கொஞ்சம் கூடுதலாகப் பட்டாலும் மெல்லிய கோடுகள்தான் முதலில் அடைபடும். பழைய ஈய அச்சின் சாயலில் செய்த எழுத்துருக்கள் சட்டையில் சிறிய அளவில் தோற்பது இதனால்தான். அவற்றைப் பெரிய அளவில், முதுகுப்புறம் முழுவதும் போட்டால் அழகாக இருக்கும்.

எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அகலத்தைக் குறைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் உள்வெளிகள் குறுகலாக இருப்பது பக்கவாட்டில்தான்.

எந்த எழுத்துருவை எடுக்கலாம்?

பெயரைவிட மூன்று பண்புகளைப் பாருங்கள்: கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க வேண்டும், சுழிகள் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும், ஒரே குடும்பத்தில் பல தடிமன்கள் கிடைக்க வேண்டும். மூன்றாவது பண்பு இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கைச் செய்யவே முடியாது. இலவசமாகக் கிடைப்பவற்றில் Noto Sans Tamil, Mukta Malar, Catamaran, Anek Tamil ஆகிய நான்கும் பல தடிமன்களில் இருக்கின்றன. Anek Tamil எழுத்துருவில் அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தை நெருக்க வேண்டிய கட்டாயம் வந்தால், வடிவமைப்பாளரே வரைந்த குறுகிய வடிவத்தை எடுப்பது நாமே நசுக்குவதைவிட எவ்வளவோ மேல். Baloo Thambi 2 உருண்டு திரண்ட எழுத்து. பிள்ளைகளுக்கான சட்டைகளில் எல்லாரும் கேட்பது அதுதான். அதைப் பெரிய அளவில் தாராளமாகப் போடலாம். சிறிய அளவில் அதன் தடித்த வடிவங்களை எடுத்தால் சுழிகளுக்கு இடமே இருக்காது, குடும்பத்தின் மெல்லிய வடிவத்திலிருந்து தொடங்குங்கள்.

எடுத்த எழுத்துருவில் முதலில் ‘ண்’, ‘னே’, ‘கீ’, ‘ஓ’, ‘ஞ’ ஆகிய ஐந்தையும் அடித்து அளந்து பாருங்கள். இவை தாங்கினால் மற்றவை பெரும்பாலும் தாங்கும். உங்கள் வாசகத்தில் ‘ஸ்ரீ’, ‘ஷ’ போன்றவை இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்ட நிகழ்ச்சிக்கு டிரை-ஃபிட் சட்டை. ஏதாவது மாற வேண்டுமா?

ஆம். இங்குள்ள வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்தத் துணியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அதில் சிறு துளைகளிட்ட பின்னல் உண்டு. துளை விழும் இடத்தில் மை நிற்க இடமில்லை, 0.5 மி.மீ. கோடு அங்கே அறுந்துபோகும். அப்படிப்பட்ட துணியில் கோடு 1 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது, புள்ளியின் விட்டம் 1.5 மி.மீ. இருக்கட்டும். கோடு தடிப்பதால் உள்வெளிக்கு இடம் தேட வேண்டும், ஆகவே எழுத்தே பெரிதாக வேண்டும். மார்பில் சிறிதாகப் போடும் வாசகத்தை முதுகுக்கு மாற்றச் சொல்வேன்.

பாலியெஸ்டர் துணியின் சாயம் சூட்டில் மேலேறி வெள்ளை மையை இளஞ்சிவப்பாக்குவதும் உண்டு. அதைத் தடுக்கக் குறைந்த சூட்டில் வேகும் மை இருக்கிறது, அச்சகத்திடம் கேளுங்கள். எழுத்தின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைகளின் அளவுக்கு அதே படத்தை 70 விழுக்காடாகச் சிறிதாக்கிவிடலாமா?

மேலே கணக்கிட்ட வாசகத்தையே பாருங்கள். 0.81 மி.மீ. சுழி 0.57 ஆகும், பரவலுக்குப் பிறகு 0.17. மூடிவிடும். படம் சிறிதாகும்போது பரவல் சிறிதாவதில்லை. பெரியவர் சட்டையில் போட்ட அதே அளவையே பிள்ளைகள் சட்டையிலும் வைத்து, இரண்டு வரியை மூன்று வரியாக மாற்றி அகலத்தைக் குறையுங்கள். ஒரே அளவு என்றால் எழுத்து தடிமனும் ஒன்றாக இருக்கும். வரிப்பிரிப்பு மாறுவதால் இன்னொரு சட்டம் தேவைப்படும், அந்தச் செலவைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. எப்படிக் கொடுத்தால் எழுத்து மாறாமல் வரும்?

எழுத்தாகக் கொடுக்காதீர்கள், வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கொடுங்கள். எழுத்தாகப் போனால் அவர்களுடைய கணினியில் கொம்பும் காலும் இடம் மாறலாம், புள்ளி தனியே ஒரு வட்டமாகத் தொங்கலாம். அங்கிருப்பவருக்கு அது தவறென்று தெரிய வழியில்லை. சிங்கப்பூரில் சட்டை அச்சடிப்பவர் சீனரோ மலாய்க்காரரோ பங்களாதேஷ்காரரோ ஆக இருக்கலாம், வேலை ஜொகூர் பாருவுக்கும் போகலாம். அவர்கள் கவனமாகத்தான் செய்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது நம் பொறுப்பு.

நான் இந்தப் பாடத்தைக் கற்றது 80 சட்டைகளின் விலையில். ‘வாழ்வே’ என்று முடியும் வாசகம் அது. முதல் பத்துச் சட்டைகள் நன்றாக வந்திருந்தன. நடுவே மை வலையின் அடியில் தேங்க, கொம்பின் சுழி அடைபட்டுவிட்டது. இழுத்தவர் ஒவ்வொரு சட்டையையும் பார்த்திருக்கிறார், அவர் கண்ணுக்கு அது ஒரு கொழுத்த வளைவு, அவ்வளவுதான். அச்சகத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவரிடம் அதைக் காட்டியே கொடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கோப்போடும் ஒரு தாள் தருகிறேன். வாசகத்தைப் பெரிதாக அச்சிட்டு, திறந்தே இருக்க வேண்டிய குழிகளையும் ஒட்டக்கூடாத புள்ளிகளையும் சிவப்பு வட்டமிட்டு, ‘இந்த வெள்ளை தெரிய வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன். தமிழ் தெரியாதவரும் வட்டத்துக்குள் துணி தெரிகிறதா என்று பார்க்க முடியும்.

20 சட்டைதான் என்பதால் டிடிஎஃப் முறையில் செய்கிறேன் என்கிறார்கள். அதற்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே படம் ஒரு பிலிமில் அச்சாகி, பசைத்தூளோடு சூட்டில் சட்டைக்கு மாற்றப்படுகிறது. வலையும் இல்லை, துணிக்குள் பிதுங்கும் மையும் இல்லை, உள்வெளி அவ்வளவாக மூடாது. அங்கே பயப்பட வேண்டியது மெல்லிய கோட்டுக்கும் தனித்து நிற்கும் புள்ளிக்கும். பசை பிடிக்கப் பரப்பு போதாவிட்டால் சில சலவைகளில் உரிந்துவிடும். கோட்டையும் புள்ளியையும் 1 மி.மீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்காக மெலிதாக்கிய படத்தை அப்படியே அனுப்பாதீர்கள், அது அதே மெலிவோடு வந்துவிடும்.

அச்சு ஓடும் நாளில் நான் நேரில் போக முடியும். எதைப் பார்க்க வேண்டும்?

முதல் சட்டை வெந்து வெளியே வந்ததும் அதை வாசகமாகப் படிக்காதீர்கள், மனம் தவறான எழுத்தையும் சரியாகவே படித்துவிடும். வாசகத்தின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொம்புகள், பிறகு ‘ண’, ‘ன’, பிறகு புள்ளிகள்.

சுழி எல்லாச் சட்டையிலும் மூடியிருந்தால் படத்திலோ எழுத்துருவிலோ குறை. சட்டத்தை மாற்றாமல் தீராது. முதல் சட்டை நன்றாக இருந்து போகப்போக மூடினால் மை வலையின் அடியில் சேர்கிறது என்று பொருள். அடிப்பக்கத்தைத் துடைத்து, அழுத்தத்தைக் குறைத்தால் சரியாகும். ஒரு பக்கத்து எழுத்து மட்டும் கொழுத்திருந்தால் ரப்பர் தகடு அந்தப் பக்கம் அதிகமாக அழுத்தப்படுகிறது. இரண்டாவது இழுப்பு முதலாவதின் மேல் சரியாக உட்காராமல் நகர்ந்தாலும் உள்வெளி ஒரே திசையில் குறுகும். அப்போது எழுத்தின் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய மங்கலான வெள்ளைக் கோடு தெரியும், சட்டை பலகையில் ஒட்டாமல் நழுவியிருக்கும்.

பத்துச் சட்டைக்கு ஒரு முறை ஒன்றை எடுத்து, முதல் சட்டையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்த முதல் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாமல் வேலை முடியும் வரை மேசையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.